இல்லாத சொல்லுக்கும் ஒரு மதிப்பு

வீணை எந்த மரத்தில் செய்யப்படுகிறது என்று அறிய ஒருவர் ‘வீணை மரம்’ என்று தட்டுகிறார். எந்தக் கட்டுரையைத் தேடுபொறி முதலில் காட்ட வேண்டும்?

1998-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜே பான்ட்டேவும் புரூஸ் கிராஃப்ட்டும் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். கட்டுரை கேள்விக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல், அந்தக் கட்டுரையிலிருந்து இந்தக் கேள்வி பிறக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டார்கள். இன்று பரவலாக உள்ள வடிவம் எளிது. கட்டுரையின் சொற்களை ஒரு பையில் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தால் கேள்விச் சொற்கள் கிடைக்கும் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும்.

நூறு சொல் கொண்ட மூன்று கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில் ‘வீணை’ ஐந்து முறை வருகிறது, ‘மரம்’ இல்லை. இரண்டாவதில் ‘வீணை’ இரண்டு முறை, ‘மரம்’ ஒரு முறை. மூன்றாவது ரயில் கால அட்டவணை; இரண்டு சொல்லும் இல்லை. பெருக்கினால் இரண்டாவதற்கு 0.0002. முதல் கட்டுரைக்கோ சுழியம்! வீணை பற்றியே பேசும் கட்டுரையும் கால அட்டவணையும் ஒரே தட்டில் நிற்கின்றன.

இதற்கு மருந்துதான் ‘சீராக்கல்’. ஒரு சொல் கட்டுரையில் இல்லாவிட்டாலும், மொத்தத் தொகுப்பில் அது எவ்வளவு புழங்குகிறதோ அதில் ஒரு பங்கைக் கடனாகக் கொடுப்பது. தொகுப்பில் ‘மரம்’ ஆயிரத்துக்கு ஒன்று, ‘வீணை’ லட்சத்துக்கு ஒன்று என்று வைத்து, கட்டுரைக்குப் பாதி, தொகுப்புக்குப் பாதி எனக் கலந்தால் இரண்டாவது கட்டுரை முதலிடம் பிடிக்கிறது. முதல் கட்டுரை அதில் ஏறக்குறைய கால் பங்கு மதிப்புடன் அடுத்து வருகிறது. கால அட்டவணையைவிட அது சுமார் 5,000 மடங்கு மேலே.

சுவையான விஷயம் இனிமேல்தான். ‘வீணை’ மட்டும் ஒரு முறை வரும் நூறு சொல் கட்டுரையையும், ‘மரம்’ மட்டும் ஒரு முறை வரும் இன்னொன்றையும் இதே கலவையில் ஒப்பிட்டால், முன்னது சுமார் 90 மடங்கு முந்துகிறது. அரிய சொல்லுக்கு அதிக எடை கொடு என்று யாரும் கட்டளையிடவில்லை. சுழியத்தைத் தவிர்க்கச் சேர்த்த கடனே அந்த வேலையையும் பார்த்துவிடுகிறது: பரவலான சொல் இல்லாவிட்டால் கடன் தாராளமாகக் கிடைக்கும், அரிய சொல் இல்லாவிட்டால் கிடைப்பது சொற்பம்.

எவ்வளவு கலப்பது? செங்சியாங் ஜாய், ஜான் லாஃபர்ட்டி இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட கேள்விகளுக்குக் குறுகியவற்றைவிட அதிகச் சீராக்கல் தேவைப்பட்டது. ‘டிரிக்லே’ என்னும் இன்னொரு முறை கட்டுரையின் நீளத்தையும் பார்க்கிறது. லூசீன் தேடல் மென்பொருளில் இதன் இயல்பு எண் 2,000. அதன்படி 2,000 சொல் கட்டுரையின் சொந்தக் கணக்குக்குப் பாதி மதிப்பு. நூறு சொல் கட்டுரைக்கு ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. சின்னக் கட்டுரையின் சாட்சியத்தை முழுதாக நம்பாதே என்பதுதான் இதன் கணக்கு.

ஆனால் ‘பலாவில் செய்வார்கள்’ என்று நேரடியாகப் பதில் சொல்லிவிட்டு ‘மரம்’ என்ற சொல்லையே எழுதாத கட்டுரைக்கு இந்தக் கடன் பெரிதாக உதவாது. ‘மரத்தால்’ என்று எழுதியிருந்தாலும், வேர்ச்சொல்லைப் பிரித்தறியும் வேலை தனியாக நடக்காதவரை அதுவும் இந்தக் கணக்கில் வேறு சொல்தான்.