தூணைக் கரைக்கும் புள்ளிகள்

கதாநாயகனுக்குப் பின்னால் சில அடி தள்ளி கேமரா மிதந்து வரும் வீடியோ கேம்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான தலைவலி உண்டு. ஆடுபவர் கதாநாயகனை ஒரு மண்டபத்துக்குள் ஓடவிட்டு, கேமராவைப் பக்கவாட்டில் திருப்புகிறார். நடுவில் ஒரு தூண் வந்துவிடுகிறது. ஆளைக் காணோம்; எதிரி எங்கே நிற்கிறான் என்பதும் தெரியவில்லை. கேமராவைத் தூணுக்கு முன்னால் இழுத்துவிடலாம். ஆனால் தூணைத் தாண்டும்போதெல்லாம் காட்சி முன்னும் பின்னும் குதித்தால் ஆடுபவருக்குத் தலை சுற்றும். அதனால் பல கேம்கள் தூணையே மங்கவைக்கின்றன.

மங்கும் அந்தத் தருணத்தில் ஆட்டத்தை நிறுத்தி, திரைக்கு மிக அருகில் சென்று பார்த்தால் எதிர்பாராத ஒன்று தெரியும். தூண் கண்ணாடிபோல் ஆகியிருக்காது. அதன் மேல் நுண்ணிய, ஒழுங்கான ஓட்டைகள் விழுந்திருக்கும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் முழுத் தூண். ஓட்டை ஒவ்வொன்றிலும் பின்னால் இருப்பது முழுசாகத் தெரியும். கொசுவலை அடித்த ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பது போலத்தான். கம்பிகள் ஒளியைத் துளியும் விடுவதில்லை. இடைவெளிகள் முழுதாக விடுகின்றன. கண் இரண்டையும் கலந்து ‘மங்கலான வலை’ என்று எடுத்துக்கொள்கிறது. நிண்டெண்டோ 2017-இல் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ ஒடிஸி’யில் கேமரா மாரியோவை நெருங்கும்போது இந்தப் புள்ளிக்கோலத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். இதற்கு டித்தரிங் என்று பெயர்.

உண்மையான ஒளி ஊடுருவலையே செய்துவிடலாமே, ஏன் இந்தச் சுற்றுவழி? தூணின் நிறத்தில் 30 சதவீதம், பின்னாலிருக்கும் நிறத்தில் 70 சதவீதம் என்று கலந்தால் போதாதா? சூத்திரம் எளிதுதான். சிக்கல் ‘பின்னாலிருக்கும் நிறம்’ என்ற சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

கிராஃபிக்ஸ் சிப், திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு விஷயங்களைக் குறித்து வைக்கிறது: என்ன நிறம், அந்த நிறம் கொண்ட பரப்பு கேமராவிலிருந்து எவ்வளவு தூரம். தூரத்தைக் குறித்து வைக்கும் இந்த ஏட்டுக்கு டெப்த் பஃபர் என்று பெயர். புதிதாக ஒரு பொருளை வரைய வரும்போது, ஏட்டில் உள்ளதைவிட அது கிட்டத்தில் இருந்தால் மட்டும் வரையும், இல்லையென்றால் தள்ளிவிடும். அதனால் ஒளிபுகாத பொருள்களை எந்த வரிசையில் வரைந்தாலும் படம் சரியாக வரும். சுவர் முதலில் வரட்டும், தூண் முதலில் வரட்டும், முடிவு ஒன்றே.

கலவைக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. தூணைக் கலக்கும் நொடியில் பின்னாலிருக்கும் திரைச்சீலை ஏற்கெனவே வரையப்பட்டிருக்க வேண்டும். தூண் முந்திக்கொண்டு தன் தூரத்தையும் ஏட்டில் எழுதிவிட்டால், அடுத்து வரும் திரைச்சீலை ‘நீ பின்னால் இருக்கிறாய்’ என்று தள்ளப்படும். தூண் வழியே பார்த்தால் திரைச்சீலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பின்சுவர் தெரியும். தூரத்தை எழுதாமல் விட்டாலோ, பின்னால் இருக்கும் திரைச்சீலை தூணின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மங்கும் பொருள்களை எல்லாம் தூரத்திலிருந்து கிட்டம் என்று ஒவ்வொரு பிரேமிலும் வரிசைப்படுத்த வேண்டும்.

பெரும்பாலான கேம் என்ஜின்கள் இந்த வரிசையை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு தூரத்தை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. வழக்கமாக அது பொருளின் நடுப்புள்ளியின் தூரம். நீண்ட திரைச்சீலையின் நடுப்புள்ளி தூணைவிடக் கிட்டத்தில் இருக்கலாம், ஆனால் கேமரா பார்க்கும் முனை தூணுக்குப் பின்னால் போகலாம். அப்போது வரிசை தவறுகிறது. கேமரா சற்றுத் திரும்பியதும் இரண்டும் இடம் மாற, ஒரே பிரேமில் படம் துள்ளுகிறது. ஒரே பொருளுக்குள்ளும் இதே தகராறு உண்டு. ஒரு கதாபாத்திரத்தை இப்படிக் கலந்து மங்கவைத்தால், தோலின் வழியே பற்களும் கண்விழியின் பின்புறமும் தெரியத் தொடங்கும். பார்த்தவர்களுக்கு அது லேசில் மறக்காது.

இன்னொரு தடையும் இருக்கிறது. இன்றைய பெரிய கேம்கள் பலவும் முதலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம், பரப்பின் திசை, சொரசொரப்பு ஆகியவற்றை மட்டும் பதிவு செய்துவிட்டு, விளக்கொளியைக் கடைசியில் மொத்தமாகக் கணக்கிடுகின்றன. அந்தப் பதிவில் ஒரு பிக்சலுக்கு ஒரு பரப்புக்குத்தான் இடம். கலக்கும் தூணை அங்கிருந்து எடுத்து வேறொரு சுற்றில், பெரும்பாலும் எளிமையான ஒளிக்கணக்கோடு வரைய வேண்டும். விளைவு, தூண் மங்கத் தொடங்கும் அதே நொடியில் அதன் வெளிச்சமும் சட்டென்று மாறும்.

டித்தரிங் இந்தப் பிரச்சினை எதையும் தீர்ப்பதில்லை. பிரச்சினையே எழாதபடி செய்துவிடுகிறது. ஒவ்வொரு பிக்சலிலும் தூண் ஒன்று முழுதாக இருக்கிறது, அல்லது அறவே இல்லை. பாதி இருப்பு என்பதே கிடையாது. இருந்தால் தூரத்தை எழுதலாம், வரிசை வேண்டாம், ஒளிக்கணக்கும் மாறாது. கதாபாத்திரத்தின் பற்கள் அந்தந்தப் பிக்சலின் தோலுக்குப் பின்னால் வழக்கம்போல மறைந்தே இருக்கும். முழு உருவமும் ஒரே ஓட்டைகளோடு கரையும்.

எந்தப் பிக்சலை விடுவது, எதை வரைவது? இதற்கான விடை கேம்களுக்கு வெளியிலிருந்து வந்தது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர், கறுப்பு வெள்ளை என இரண்டே நிலைகள் உள்ள திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட, 1973-இல் ஓர் எண் கட்டத்தை முன்வைத்தார். டிஜிட்டல் கேமராக்களின் உள்ளே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை அடுக்கும் முறைக்கும் இவர் பெயர்தான். அவருடைய 4-க்கு 4 கட்டம் இது:

```
 0   8   2  10
12   4  14   6
 3  11   1   9
15   7  13   5
```

இந்தக் கட்டத்தைத் திரை முழுக்க ஓடு பதிப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 15 வரை ஓர் எண் கிடைக்கும். அதோடு அரையைக் கூட்டி 16-ஆல் வகுத்தால் அந்தப் பிக்சலின் வரம்பு. தூணின் இருப்பு அந்த வரம்புக்குக் கீழே போனால் பிக்சலைக் கைவிட வேண்டும். சிப்பில் ஓடும் ஷேடரில் இதற்கு ஒரு வரி போதும்:

```
if (fade < (bayer + 0.5) / 16.0) discard;
```

நம் மண்டபத்துக்குத் திரும்பலாம். கேமராவிலிருந்து கதாநாயகனின் தலைக்கு கேம் ஒவ்வொரு பிரேமிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை நீட்டிப் பார்க்கிறது. கோடு தூணில் முட்டியதும் தூணின் இருப்பு 1-இலிருந்து 0.3-ஐ நோக்கி இறங்கத் தொடங்குகிறது. கால் நொடியில், அதாவது நொடிக்கு 60 பிரேம் ஓடும் கேமில் 15 பிரேம்களில், போய்ச் சேர்கிறது. 0.3-இல் 0 முதல் 4 வரை எண் கொண்ட பிக்சல்கள் மட்டும் தப்பும்: 16-இல் 5. மற்ற 11 ஓட்டைகள். 0, 1, 2, 3 ஆகிய எண்கள் கட்டத்தில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: ஒன்று விட்டு ஒரு வரிசை, ஒன்று விட்டு ஒரு நிரல். எந்த அளவுக்கு மங்கினாலும் புள்ளிகள் ஓரிடத்தில் குவியாமல் சீராகப் பரவ வேண்டும் என்பதற்காகவே எண்கள் இப்படித் தாறுமாறாகத் தோன்றும் வரிசையில் வைக்கப்பட்டிருக்கின்றன.

இதே கட்டம்தான் இந்த முறையின் வினோதமான கோளாறுக்கும் காரணம். தூண் 0.5-இல் இருக்கிறது, பின்னால் கதாநாயகனுக்குத் துணையாக வரும் ஓர் ஆவியும் இதே முறையில் 0.5-இல் வரையப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.5-இல் கட்டம் சதுரங்கப் பலகைபோல் ஆகிறது. தூண் எந்தக் கட்டங்களில் நிற்கிறதோ, ஆவியும் அதே கட்டங்களில்தான் நிற்கும். எனவே ஆவியின் ஒவ்வொரு பிக்சலும் தூணின் ஒரு பிக்சலுக்குப் பின்னால் போய்விடும். ஓட்டைகள் வழியே எவ்வளவு தேடினாலும் ஆவி தெரியாது. ஆவிக்கு மட்டும் கட்டத்தை ஒரு பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தினால், அது அத்தனையும் ஓட்டைகளுக்குள் வந்துவிடும். அதனால் அனுபவமுள்ள நிரலாளர்கள் பொருளுக்குப் பொருள் கட்டத்தை நகர்த்தி வைக்கிறார்கள். வழியை மறைக்கும் சுவர்களை மட்டும் நகர்த்தாமல் விடுவதும் நல்ல யோசனை: பாதி மங்கிய இரண்டு சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும், ஒரு சுவர் மறைக்கும் அளவுதான் மறைக்கும்.

புள்ளிகள் கண்ணை உறுத்துவது அடுத்த குறை. செகா சாட்டர்ன் காலத்தில், 1990-களில், இது இவ்வளவு பெரிய குறையாக இல்லை. அந்தக் கருவியில் ஒளி ஊடுருவலுக்குப் பதிலாக ஒன்று விட்டு ஒரு பிக்சல் வரைந்த கேம்கள் ஏராளம். பழைய குழாய் டிவியின் மங்கலான படம் புள்ளிகளைத் தானாகவே கலந்துவிட்டது. இன்றைய கூர்மையான திரை அப்படி மன்னிப்பதில்லை. கட்டம் திரையோடு ஒட்டியிருப்பதால், கேமரா நகரும்போது புள்ளிகள் நிலையாக நிற்க, தூண் அவற்றுக்கு அடியில் நழுவும். வலை மினுங்குவது போலத் தோன்றும். சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் கேம்களில் புள்ளிகளும் சேர்ந்தே பெரிதாகும்.

இதற்கு இன்று பரவலாக உள்ள மருந்து, ஒவ்வொரு பிரேமிலும் புள்ளிகளின் இடத்தை மாற்றி, பல பிரேம்களைச் சராசரியாக்குவது. விளிம்புகளை வழவழப்பாக்க முந்தைய பிரேம்களைக் கலக்கும் டி.ஏ.ஏ. முறை பல என்ஜின்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால், அதுவே இந்த வேலையையும் பார்த்துக்கொள்கிறது. அன்ரியல் என்ஜினில் இதற்கென்றே `DitherTemporalAA` என்றொரு பகுதி இருக்கிறது. கேமரா அசையாதபோது தூண் உண்மையிலேயே கண்ணாடிபோல் தெரியும். கேமராவை வேகமாகச் சுழற்றினால் பழைய பிரேம்கள் செல்லாமல் போய், மணல் தூவியதுபோல் புள்ளிகள் மீண்டும் எட்டிப்பார்க்கும். மங்கும் பொருளின் ஓரத்தில் மெல்லிய நிழல்வால் இழுபட்டால், அதுவும் இந்தச் சராசரியின் வேலைதான்.

செல்பேசியில் கணக்கு சற்று மாறுகிறது. மறைந்திருக்கும் பிக்சல்களுக்கு ஷேடரை ஓட்டாமலே தவிர்ப்பதில்தான் செல்பேசி சிப்பின் சிக்கனம் இருக்கிறது. ஷேடருக்குள் `discard` இருந்தால், பிக்சல் நிற்குமா போகுமா என்பது ஷேடர் ஓடிய பிறகுதான் சிப்புக்குத் தெரியும். அந்தச் சிக்கனம் குறைந்துபோகிறது. அதனால் கேமின் எல்லாத் தூண்களுக்கும் இந்த வரியைப் போட்டுவைப்பது வீண்செலவு. மங்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் டித்தரிங் ஷேடரை மாட்டி, முழுதாகத் திரும்பியதும் பழையதைப் போட்டுவிட வேண்டும். இருப்பு 0 ஆகிவிட்டால் அந்தப் பொருளை வரையவே அனுப்பக் கூடாது.

நிழலைப் பற்றியும் முடிவெடுத்தாக வேண்டும். நிழல், விளக்கின் கோணத்திலிருந்து தனியாக வரையப்படும் ஒரு படம். அதிலும் அதே ஷேடர் ஓடினால் தரையில் விழும் தூணின் நிழலும் பொத்தல் பொத்தலாகி, வெயில் திடீரென்று உள்ளே பாயும். கேமரா திரும்பியதற்காக மண்டபத்தின் வெளிச்சம் மாறினால் எவருக்கும் உறுத்தும். ஆகவே நிழல் சுற்றில் மட்டும் தூணின் இருப்பை எப்போதும் 1 என்று எடுத்துக்கொள்கிறார்கள்: கேமராவின் கண்ணுக்குத் தூண் கரைந்திருக்கும், சூரியனுக்கு அது அங்கேயே நிற்கும்.