ஏப்ரல் 1: இல்லத்தரசியின் கணக்கில் எது இலவசம்?

அடிப்படை சேமிப்புக் கணக்கு பற்றிய ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. 2025 டிசம்பரில் அறிவிப்பு வந்தது முதல் இது பற்றிய கடிதங்கள் குவிகின்றன. பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை. "அதற்குள் கணக்கை மாற்றாவிட்டால் முடக்கிவிடுவார்களா?", "எனக்கென்று வருமானம் இல்லை, கணக்கு தருவார்களா?", "பூஜ்ய இருப்புக் கணக்கு என்றுதானே கொடுத்தார்கள், ஏன் பணம் குறைகிறது?" என்று பல விதமாகக் கேட்கிறார்கள்.

முதல் பயத்தை உடனே தீர்த்துவிடலாம். ஏப்ரல் 1 என்பது வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட கெடு. அன்று உங்கள் கணக்கு முடங்காது. அது தானாக வேறு வகைக்கும் மாறாது. எழுதிக் கேட்டால்தான் மாற்றுவார்கள். இந்த ஆண்டு கேட்டாலும் அடுத்த ஆண்டு கேட்டாலும் அந்த உரிமை இருக்கும்.

மூன்றாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது. சிறிய தொகை சேமிப்பவரின் பணம் எப்படிக் கரைகிறது என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை முதல்முறையாகக் கணக்குகளில் ஏறியபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லிச் சில வங்கிகள் அந்த 1,000 ரூபாயிலேயே அபராதம் பிடித்தன. மாநில அரசு கண்டித்தது. அதன் பிறகு பொதுத்துறை வங்கிகள் ஒவ்வொன்றாக இந்த அபராதத்தைக் கைவிட்டன. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே கைவிட்டிருந்தது. கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பேங்க் ஆஃப் பரோடா, இந்தியன் வங்கி ஆகியவை 2025 ஜூன், ஜூலை மாதங்களில் கைவிட்டன. 'மினிமம் பேலன்ஸ் கிடையாது' என்பது இப்போது கிளைகளில் பெரிய எழுத்தில் தொங்கும் விளம்பரம்.

அந்த அறிவிப்பு உண்மைதான், ஆனால் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதம் இல்லை என்பதைத் தாண்டி அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஏ.டி.எம். அட்டைக்கான ஆண்டுக் கட்டணமும் குறுஞ்செய்திக் கட்டணமும் சாதாரண சேமிப்புக் கணக்கில் அப்படியே தொடரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்த சிறுவாட்டை மாதம் 500 ரூபாயாக, ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கணக்கில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதத்தில் 6,000 ரூபாய் சேரும். ஆனால் வட்டி அந்த ஆறாயிரத்துக்குக் கிடைக்காது. ஆண்டு முழுவதும் இருந்த சராசரித் தொகைக்குத்தான் கிடைக்கும். அது 3,250 ரூபாய். 2.5 சதவீத வட்டியில் வருவது சுமார் 81 ரூபாய். மறுபக்கம் அட்டைக்கு ஆண்டுக்கு 200 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் என்றால் 236 ரூபாய். குறுஞ்செய்திக்குக் காலாண்டுக்கு 15 ரூபாய் என்றால் வரியோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 71 ரூபாய். மொத்தம் 307 ரூபாய் போகிறது, 81 ரூபாய் வருகிறது. ஆண்டு முழுக்கக் கை வைக்காமல் சேர்த்தவருக்கு, போட்ட பணத்திலேயே 226 ரூபாய் குறைகிறது. கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் தொகை சிறிதாக இருக்கும்வரை விளைவு இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் வட்டி தொகையைப் பொறுத்தது, கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. லட்ச ரூபாய் வைத்திருப்பவருக்கு இந்த 307 ரூபாய் கண்ணிலேயே படாது. ஐந்நூறு ரூபாய்க்காரருக்கோ அரை மாதச் சேமிப்புக்கு மேல் போய்விடுகிறது.

குறைந்தபட்ச இருப்பு கேட்கும் தனியார் வங்கி என்றால் நிலைமை இன்னும் மோசம். அங்கே பார்ப்பது மாதக் கடைசி நாளின் இருப்பை அல்ல, மாதச் சராசரியை. 15-ஆம் தேதி 1,000 ரூபாய் வந்து, 20-ஆம் தேதி 900 ரூபாய் எடுத்தால், பணம் வந்த பிறகு கணக்கு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை என்று நமக்குத் தோன்றும். ஆனால் முதல் 14 நாள் பூஜ்யம், அடுத்த 5 நாள் ஆயிரம், மீதி 11 நாள் நூறு என்று கூட்டி முப்பதால் வகுத்தால் சராசரி 203 ரூபாய்தான். குறைகிற தொகையில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் அபராதமாகப் போகும். இந்த அபராதத்தால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014 நவம்பரிலேயே உத்தரவிட்டது. பூஜ்யம் வரை போவதை அந்த உத்தரவு தடுக்கவில்லை.

இதற்கு மாற்றுத்தான் அடிப்படை சேமிப்பு வைப்புக் கணக்கு. வங்கியில் பி.எஸ்.பி.டி. என்று கேட்டால் புரியும். 2012 முதல் இருக்கிறது. ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். குறைந்தபட்ச இருப்பும் இல்லை, அட்டைக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. மாதத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் பணம் போடலாம், குறைந்தது நான்கு முறை இலவசமாக எடுக்கலாம்.

இந்த நான்கில்தான் முன்பு சிக்கல் இருந்தது. பத்து ரூபாய்க்கு யு.பி.ஐ.யில் கொத்தமல்லி வாங்கினாலும் அதை ஒரு 'எடுப்பு' என்று எண்ணி, ஐந்தாவது முறையிலிருந்து 17 ரூபாய் 70 காசு பிடித்த காலம் உண்டு. நாட்டின் மிகப் பெரிய வங்கியே ஏழைகளின் கணக்குகளில் இப்படி வசூலித்ததை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வு ஒன்று 2021-இல் வெளிக்கொண்டுவந்தது. ஏப்ரல் 1 விதிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஓட்டையை அடைத்ததுதான். இனி யு.பி.ஐ., நெஃப்ட், கடையில் அட்டை தேய்ப்பது போன்ற டிஜிட்டல் பரிமாற்றங்கள் அந்த நான்கில் சேராது. ஆண்டுக்கு 25 தாள் கொண்ட காசோலைப் புத்தகம், செல்போன் வங்கிச் சேவை, பாஸ்புக் ஆகியவற்றையும் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும்.

ஏற்கெனவே சாதாரணக் கணக்கு இருந்தால் அதையே மாற்றிக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்த ஏழு நாளுக்குள் வங்கி மாற்றித் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள். "எனது கணக்கை அடிப்படை சேமிப்பு வைப்புக் கணக்காக மாற்றித் தரவும்" என்று ஒரே வரியில் எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். "அது ஏழைகளுக்கு மட்டும்", "அந்தக் கணக்கில் எந்த வசதியும் இருக்காது" என்று கவுன்ட்டரில் சொன்னால் இரண்டுமே தவறு. ஒரு கட்டுப்பாடு உண்மைதான்: அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்க முடியாது. அங்கே ஆர்.டி.யோ வைப்புநிதியோ போடத் தடை இல்லை. மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் புதிதாக அச்சிட்டு வாங்கி, கணக்கு வகை என்ன என்று பாருங்கள்.

கட்டணம் நின்றுவிட்டால் மட்டும் பணம் நிலைத்துவிடாது. சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் அடுத்த பள்ளிக் கட்டணத்துக்கோ சிலிண்டருக்கோ போய்விடும். அதனால் கணக்குக்கு வரும் பணத்தில் ஒரு பகுதியை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். மாதம் 100 ரூபாயில் தொடங்கும் அஞ்சலக ஆர்.டி.யை நான் சொல்வேன். இப்போதைய 6.7 சதவீத வட்டியில் மாதம் 500 ரூபாய் போட்டால், ஐந்து ஆண்டில் செலுத்தும் 30,000 ரூபாய் ஏறக்குறைய 35,680 ரூபாயாகத் திரும்பும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி, ஆர்.டி. தொடங்கும் தேதி பற்றியது. மாதத்தின் 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால், பிறகு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16 அல்லது அதற்குப் பிறகு தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை கெடு. உரிமைத்தொகை போல நடுமாதத்தில் கைக்கு வரும் பணத்தை நம்பிச் சேமிப்பவர், 10-ஆம் தேதி நல்ல நாள் என்று ஆர்.டி. தொடங்கிவிட்டால் ஐந்து ஆண்டும் ஓட்டம்தான். 16-ஆம் தேதி வரை பொறுத்துத் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைக்கும். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். 500 ரூபாய்த் தவணைக்கு அது 5 ரூபாய். அந்த 500 ரூபாய் ஒரு மாதத்தில் ஈட்டும் வட்டி 3 ரூபாய்கூட இல்லை. நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் தொடர முடியாது. அதனால் நல்ல மாதத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத் தொகையை முடிவு செய்யாதீர்கள். பண்டிகையும் மருத்துவச் செலவும் வந்த மாதத்தில் என்ன மிஞ்சியதோ அதுதான் உங்கள் தவணை. 500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுவதைவிட 200, 300 என இரண்டாகப் போடுவது நல்லது. நெருக்கடியில் ஒன்றை விட்டாலும் மற்றது ஓடும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்:

வருமானம் இல்லாமல் கணக்கு திறக்க முடியுமா? முடியும், தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினால் போதும், வருமானச் சான்று தேவையில்லை.

பான் அட்டை இல்லையே? அதற்குப் பதிலான உறுதிமொழிப் படிவத்தை நிரப்பித் தரலாம்.

ஆதாரில் அம்மா வீட்டு முகவரி இருக்கிறது? ஆதார் வழி இ-கே.ஒய்.சி. செய்தால், இப்போதைய முகவரியை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம்.

கணவரின் கையெழுத்து வேண்டுமா? வேண்டாம்.

அவருடைய செல்போன் எண்ணைக் கொடுக்கலாமா? கொடுக்காதீர்கள், ஓ.டி.பி. யாருக்குப் போகிறதோ அவர் கையில்தான் கணக்கு இருக்கும்.

கூட்டுக் கணக்கு போதாதா? வீட்டுச் செலவுக்குப் போதும். உங்கள் சேமிப்புக்குப் போதாது, 'இருவரில் ஒருவர்' என்ற முறையில் அவர் தனியாகவே முழுத் தொகையையும் எடுக்கலாம்.

கணவர் தரும் பணத்துக்கு வரி உண்டா? பணத்துக்கு இல்லை, அதில் வரும் வட்டி அவருடைய வருமானத்தோடு சேரும்.

முகவரிடம் ஆர்.டி. பணம் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் மாதந்தோறும் பாஸ்புக்கில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கை மாற்றித் தர வங்கி மறுத்தால்? எழுத்துப் புகார் கொடுத்து 30 நாள் காத்திருங்கள், பதில் இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யுங்கள். விவரம் கேட்க 14448.

நாமினி கணவராகத்தான் இருக்க வேண்டுமா? இல்லை, மகளோ அம்மாவோ யாராகவும் இருக்கலாம், 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை குறிப்பிடலாம்.