பிரிண்டர் ஓடத் தொடங்கியதும் எழுத வேண்டிய அரைப்பக்கம்

அலுவலகங்களில் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் இந்த அழைப்பைப் பல முறை கேட்டிருப்பார்கள்: "சார், பிரிண்ட் கொடுத்தா வரமாட்டேங்குது. கேன்சல் பண்ணாலும் போகமாட்டேங்குது." அச்சு வரிசையைத் திறந்தால் முதல் கோப்புக்கு நேரே `Deleting` என்று இருக்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதேதான். அடுத்துக் கொடுத்தவை எல்லாம் அதற்குப் பின்னால் காத்துக் கிடக்கும்.

அச்சிடக் கொடுப்பதை விண்டோஸ் நேராகப் பிரிண்டருக்கு அனுப்பிவிடுவதில்லை. ஸ்பூலர் என்ற சேவை அதை முதலில் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாக அனுப்புகிறது. அதில் ஒன்று கெட்டுப்போய்ச் சிக்கிக்கொண்டால் வரிசை நின்றுவிடும். கோப்பு டிஸ்கிலேயே இருப்பதால், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் பல நேரம் அது அசையாது. ஸ்பூலரை நிறுத்தி, ஃபோல்டரைக் காலி செய்து, மறுபடி ஓடவிட வேண்டும்:

```
net stop spooler
del /Q /F "%systemroot%\System32\spool\PRINTERS\*.*"
net start spooler
```

தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை. தெரியாதவர் டிரைவரை அழித்துப் போட்டு, கேபிளை மாற்றி, ஒரு காலைப் பொழுதையே தொலைப்பார். அதனால்தான் இதை எழுதி, எல்லோரும் தேடிப் பார்க்கும் இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால், எப்போது எழுதுவது? அந்தப் புகாரை முடித்துவைப்பதற்கு முன்பே. சாயங்காலம் எழுதலாம் என்று தள்ளினால் மறந்துபோகும் என்பது உண்மைதான். நான் பெரிதாக நினைக்கும் காரணம் வேறு.

தீர்வு கிடைத்த நொடியிலிருந்து நம் மனதில் அந்தப் பிரச்சினையின் பெயரே மாறிவிடுகிறது. "கேன்சல் பண்ணாலும் போகமாட்டேங்குது" என்பது "ஸ்பூலர் பிரச்சினை" ஆகிவிடும். மறுநாள் எழுதுபவர் "ஸ்பூலர் சேவையை மீட்டமைத்தல்" என்றுதான் தலைப்பிடுவார். தவித்துக்கொண்டிருப்பவருக்கு ஸ்பூலர் என்ற சொல்லே தெரியாது; தெரிந்தால் அவர் தேடவே மாட்டார். அவர் தட்டுவது "பிரிண்ட் கேன்சல் ஆகவில்லை" என்றுதான். ஆதரவுப் பணிகளுக்காக 1990களில் உருவான கே.சி.எஸ். என்ற முறையும் இதையே வலியுறுத்துகிறது: வேலை நடக்கும்போதே, கேட்டவரின் சொற்களிலேயே பதிவு செய்யுங்கள்.

குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி:

தலைப்பு: பிரிண்ட் வரவில்லை, கேன்சலும் ஆகவில்லை, `Deleting` என்றே நிற்கிறது.
எங்கே: விண்டோஸ் 10, 11.
செய்ய வேண்டியது: மேலே உள்ள மூன்று வரிகள்.
காரணம்: கெட்டுப்போன கோப்பு வரிசையை அடைத்துக்கொண்டது.
கவனம்: காத்திருக்கும் எல்லா அச்சு வேலைகளும் அழியும். மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசி வரியை விட்டுவிட்டால் வம்பு. பொதுப் பிரிண்டர் ஒரு சர்வர் வழியாக ஓடும் அலுவலகத்தில், சிக்கிய கோப்பு பெரும்பாலும் சர்வரில்தான் இருக்கும். அங்கே இந்த வரிகளைத் தட்டினால் பத்துப் பேருடைய அச்சு ஒரே அடியில் காணாமல் போகும்.

இவ்வளவு எழுதியும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. குறிப்பைப் படித்த அடுத்த ஊழியர் முதல் வரியைத் தட்டுகிறார். `System error 5 has occurred. Access is denied.` என்று திரை மறுக்கிறது. எழுதியவர் கட்டளைத் திரையை வலது சொடுக்கில் `Run as administrator` கொடுத்துத் திறந்திருப்பார். கை பழகிப்போனதால் அதை ஒரு படியாகவே அவர் நினைக்கவில்லை. எழுதியவரே எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் இது கண்ணில் படாது. பயன்படுத்தியவர்தான் பிடிக்க முடியும். ஆகவே படிப்பவர் எவரும் அங்கேயே ஒரு வரி சேர்க்க அனுமதி இருக்க வேண்டும். மேலதிகாரி பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் திருத்தலாம் என்று வைத்த இடங்களில் குறிப்புகள் பழசாகிக் கிடப்பதுதான் மிச்சம். இருக்கும் குறிப்பைத் தேடாமல் புதிதாக ஒன்று எழுதுவதும் கெடுதலே. ஒரே பிரச்சினைக்கு மூன்று குறிப்புகள் இருந்தால் எதை நம்புவது?

ஒவ்வொரு முறை இந்தக் குறிப்பால் புகார் தீரும்போதும், அதன் எண்ணை அந்தப் புகாரில் போட்டு வைப்பது நல்ல பழக்கம். மாதக் கடைசியில் பார்த்தால், எல்லா அழைப்பும் ஒரே மாடல் பிரிண்டரிலிருந்து வந்தது தெரியலாம். அல்லது ஒரே பி.டி.எஃப். படிவத்தை அச்சிடும்போது மட்டும் சிக்குவது தெரியலாம். அப்போது மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, முதல் சந்தேகத்துக்கு டிரைவரையும் இரண்டாவதற்குப் படிவத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.