அடிப்பக்கத்தைக் காட்டும் படங்கள்

புதுச்சேரியில் விற்பனைக்கு வரும் பழைய மரச்சாமான்களில் பல ‘பிரெஞ்சுக் காலத்துச் சாமான்’ என்ற பெயரோடு வருகின்றன. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. ஆகவே அந்தப் பெயருக்குத் தகுதியுள்ள ஒரு மேசை நூறாண்டுப் பழமை உடையதாக இருக்கத் தேவையில்லை, எழுபது ஆண்டு வயதே போதும். வெளியூரிலிருந்து வாங்குபவர் இந்த வித்தியாசத்தைக் கேட்கிறார். நேரில் வர இயலாத அவருக்கு விற்பவர் அனுப்பும் படத்தொகுப்புதான் பதில்.

நல்ல படத்தொகுப்பு சாமானின் அழகைக் காட்டுவதற்கானது அல்ல. போலி செய்பவர் மேற்பரப்பு, கால், கைப்பிடி ஆகியவற்றில்தான் உழைப்பைப் போடுகிறார். அடிப்பக்கம், முதுகுப் பலகை, இழுப்பறையின் உள்பக்கம் இவற்றில் அவர் சிக்கனம் பிடிப்பார். படங்களில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வர வேண்டும்.

மூன்று இழுப்பறைகள் கொண்ட ஒரு தேக்கு எழுத்து மேசை விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படம் எடுக்கும் முன் அதைத் துடைத்துப் பளபளப்பாக்குவதுதான் முதல் தவறு. எண்ணெய் தடவியதும் தேய்ந்த விளிம்பும் வெளிறிய பகுதியும் ஒரே நிறமாகிவிடும். பழமைக்குச் சாட்சி சொல்ல இருந்ததை விற்பவரே அழித்ததாகிவிடும். உலர்ந்த துணியால் தூசியைத் தட்டினால் போதும். மேசையை ஜன்னலருகே, நேரடி வெயில் படாத இடத்தில் வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்து எடுக்க வேண்டும். கைபேசியின் அகலக் கோணத்தில் கிட்ட நின்று எடுத்தால் கால்கள் வளைந்து தெரியும், வாங்குபவர் மேசை கோணல் என்று நினைப்பார். நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைத் தாளும் அளவைக் காட்ட ஒரு டேப்பும் சட்டத்துக்குள் இருக்கட்டும். நிறம் கூட்டும் ஃபில்டர்கள் எதுவும் வேண்டாம். சாயம் ஏற்றிய மலிவு மரத்தை ஈட்டி என்று விற்பவரும் அதே ஃபில்டரைத்தான் பயன்படுத்துகிறார்.

நான்கு பக்கமும் மேலிருந்தும் முழுப்படங்கள் எடுத்த பின், இழுப்பறையை வெளியே எடுத்து அதன் பக்கவாட்டு மூலையை நெருங்கி எடுக்க வேண்டும். பலகைகள் விரல் கோத்ததுபோல் பிணைந்திருக்கும் இடம் அது; ஆசாரிகள் டவ்டெயில் என்பார்கள். உளியால் வெட்டிய டவ்டெயிலில் பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும். வெட்டும் முன் கீறிய கோடு ஓரத்தில் தங்கியிருக்கும். இயந்திரத்தில் வெட்டியவை எல்லாம் ஒரே அச்சு. ஆனால் இந்தச் சான்றை மட்டும் நம்பிவிடக் கூடாது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கையால் டவ்டெயில் வெட்டும் ஆசாரிகள் இன்றும் இருக்கிறார்கள்; போன மாதம் செய்த மேசையிலும் அது இருக்கலாம்.

அடுத்து மேசையைக் கவிழ்க்க வேண்டும். அடிப்பலகையோடு ஒட்டினாற்போல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால், பலகையில் பட்ட கருவியின் தடம் நிழலாய் எழும்பும். இழைப்புளித் தடம் மெல்லிய அலைகளாகவும், கைரம்பத் தடம் சற்றே ஒழுங்கற்ற நேர்கோடுகளாகவும், வட்ட ரம்பத் தடம் வளைகோடுகளாகவும் தெரியும். நேர் ஃபிளாஷில் இவை எதுவும் தெரியாது. படத்தொகுப்பில் அதிகப் பொறுமை கேட்பது இந்த ஒரு படம்தான். மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவதும் இதுதான்.

ஆணியும் ஸ்க்ரூவும் தனிப்படம் பெற வேண்டியவை. கடற்காற்று இரும்பைச் சும்மா விடுவதில்லை. பல ஆண்டுகள் மரத்துக்குள் இருந்த ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். இரும்பு, மரத்திலுள்ள டானினோடு சேர்வதால் வரும் கறை அது. துருப்பிடித்த ஆணியைச் சுற்றி மரம் பளிச்சென்றிருந்தால், பழைய ஆணி புதிதாக அடிக்கப்பட்டது என்று சந்தேகிக்கலாம். கூட்டல்குறி வெட்டுள்ள ஸ்க்ரூ 1930களுக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. நூறாண்டு மேசையில் அது இருந்தால் பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அதை மறைக்காமல் ‘பழுது பார்த்த இடம்’ என்று எழுதிப் படத்தோடு அனுப்புவது நல்லது. இறுகிய ஸ்க்ரூவைப் படத்துக்காகக் கழற்ற முயன்று தலையை நசுக்கிவிட வேண்டாம்.

படங்கள் அதிகம் தடுமாறுவது வேறொரு இடத்தில். புதுச்சேரியிலும் செட்டிநாட்டிலும் பழைய வீடுகள் இடிக்கப்படும்போது தூண், உத்தரம், கதவு எல்லாம் விலைக்கு வருகின்றன. அந்த மரத்தை அறுத்துப் புது மேசை செய்தால், மரம் உண்மையிலேயே பழையது, மேசை மட்டும் புதியது. நிறமும் இழையும் பழமை என்றே சொல்லும். காட்டிக்கொடுப்பது அடிப்பக்கம்தான்: எதையும் தாங்காத ஆணித்துளைகள், பாதியில் அறுபட்ட பழைய பொருத்துக்குழி, ஓர் ஓரத்தில் மட்டும் எஞ்சிய கதவுப் பெயின்ட், நடுவில் புதிதாய் அறுத்த வெளிர்முகம். இவை தெரிந்தால் ‘பழைய மரம், புது வேலை’ என்று எழுதலாம். அதற்கும் வாங்குவோர் உண்டு. மறைத்து விற்றால்தான் சாமான் திரும்பி வருகிறது. ஒன்றின் பலகையும் வேறொன்றின் காலும் சேர்ந்த ஒட்டு மேசையைக் கண்டறியவும் இதே படங்கள் உதவும். பலகையின் அடியில் இப்போதைய கால்கள் நிற்காத இடத்தில் கால் நின்ற தடம் இருக்கும்.

வட்ட மேசையாக இருந்தால் விட்டத்தை இழையோட்டத்துக்கு நெடுக ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் டேப் வைத்து எடுக்கலாம். மரம் குறுக்கேதான் அதிகம் சுருங்கும் என்பதால் பழைய மேசையில் அந்த அளவு சில மில்லிமீட்டர் குறையலாம். தேக்கு குறைவாகவே சுருங்கும். இரண்டு அளவும் சமமாக இருப்பது போலிக்கு நிரூபணம் ஆகாது.

கரையான் அரித்த கால், உளுத்த துளை, உடைந்த பூட்டு, கிழிந்த பிரம்பு இவற்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். உளுத்த துளையின் கீழே புதுத்தூள் விழுகிறதா என்று பார்க்க, அடியில் தாள் விரித்து இரண்டு நாள் கழித்து எடுத்த படம் மேலானது. பூச்சி இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதற்கு அது ஓரளவு துப்புக் கொடுக்கும்.

படம் வேறொருவருடையது அல்ல என்பதைக் காட்ட, வாங்குபவர் சொல்லும் ஒரு சொல்லையும் அன்றைய தேதியையும் தாளில் எழுதி, மேசைமேல் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். அத்தாளில் தொடங்கி, மேசையைச் சுற்றி வந்து, அடிப்பக்கத்தில் முடியும் வெட்டில்லாத வீடியோ இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போகும். இடம் பதிவாகும் வசதியை மட்டும் முன்பே அணைத்துவிட வேண்டும், இல்லையேல் வீட்டு முகவரியும் கூடவே பயணம் செய்யும்.

படத்துக்குக் கீழே எழுதும் வயதுக்குச் சட்ட எடையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள பொருள் நூறாண்டு கடந்திருந்தால் தொல்பொருள் ஆகலாம். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை. தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வெளிநாட்டுக்குப் போகும் சாமான் தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டிவரலாம், அப்போது இதே படங்கள் கைகொடுக்கும். ஈட்டி மரம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் அதற்கு வேறு ஆவணங்களும் வேண்டும். ஆகவே கையில் ரசீதோ குடும்பப் பத்திரமோ இல்லாதபோது ‘150 ஆண்டு’ என்று எழுதாமல், ‘கைரம்பத் தடம், உளி வெட்டிய டவ்டெயில், ஒரு ஸ்க்ரூ மாற்றப்பட்டது’ என்று படத்தில் தெரிவதை மட்டும் எழுதுவது பாதுகாப்பானது. வயதை வாங்குபவர் தன் ஆசாரியிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.