முழங்கைப் படத்தில் ஒரு கறுப்பு நிழல்

ஊஞ்சலிலிருந்தோ சறுக்குமரத்திலிருந்தோ விழும் குழந்தை, தப்பிப்பதற்காகக் கையை நீட்டி ஊன்றும். அழுகை ஓய்ந்த பிறகும் முழங்கையை மடக்கவோ நீட்டவோ விடாது. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால், "எலும்பு நல்லா இருக்கு, வெறும் சுளுக்குதான்" என்ற பதில் பல நேரங்களில் கிடைக்கும். ஆனால் பக்கவாட்டில் எடுத்த படத்தில், எலும்புக்குப் பின்னால் ஒரு சிறு கறுப்பு நிழல் இருந்தால் அந்தப் பதிலை அப்படியே ஏற்கக் கூடாது. விரிசல் கண்ணில் படாவிட்டாலும், விரிசலில் கசிந்த ரத்தம் அங்கே தன் அடையாளத்தை விட்டிருக்கலாம்.

விரிசல் ஏன் தெரிவதில்லை?

குழந்தையின் முழங்கையில் பெரும்பகுதி குருத்தெலும்பு. அது எக்ஸ்-ரேயில் தெரியாது. எலும்பாக மாறும் ஆறு மையங்கள் ஏறக்குறைய 1 வயதிலிருந்து 11 வயதுக்குள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. அதனால் படத்தில் வெற்றிடமாகத் தெரிவதெல்லாம் உண்மையில் வெற்றிடம் அல்ல.

மேற்கை எலும்பான ஹியூமரஸின் கீழ்முனையில் முன்னும் பின்னும் இரண்டு குழிகள் உள்ளன. அவற்றுக்கு இடையே எலும்பு மிக மெல்லியது. நீட்டிய கையில் விழும்போது முழங்கை பின்பக்கமாக வளைந்து, அல்னா எலும்பின் நுனி பின்குழியில் இடித்து நெம்புகிறது. குழந்தைகளின் முழங்கை முறிவுகளில் அதிகம் காணப்படும் சுப்ராகாண்டிலர் முறிவு இப்படித்தான் உண்டாகிறது. எலும்புத் துண்டு துளியும் நகராதிருந்தால் முதல் நாள் படத்தில் கோடு தெரியாமலேயே போகலாம்.

கொழுப்பு எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

அந்த இரண்டு குழிகளிலும் சிறு கொழுப்புத் திண்டுகள் இருக்கின்றன. கொழுப்பு தசையைவிட எக்ஸ்-கதிரை அதிகம் ஊடுருவ விடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். முன்பக்கத் திண்டு, எலும்பை ஒட்டிய மெல்லிய கறுப்புக் கோடாக ஆரோக்கியமான முழங்கையிலும் தெரியலாம். பின்பக்கத் திண்டு ஆழமான குழிக்குள் பதிந்திருப்பதால், முழங்கையை மடக்கி எடுத்த படத்தில் தெரியவே கூடாது.

மூட்டுக்குள் எலும்பு விரிசல் விட்டால் ரத்தம் மூட்டுப்பைக்குள் தேங்கும். அந்த அழுத்தம் இரண்டு திண்டுகளையும் வெளியே தள்ளும். முன்பக்கத் திண்டு காற்றில் புடைத்த பாய்போல முக்கோணமாக எழும். பின்பக்கத் திண்டு குழியிலிருந்து வெளிவந்து, எலும்புக்குப் பின்னால் கறுப்புப் பிறையாகத் தெரியும். இந்த அடையாளத்தை 1954-இல் நோரெல் என்ற மருத்துவர் விவரித்தார்.

1999-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஸ்காக்ஸும் மிர்சயானும் வெளியிட்ட ஆய்வில், பின்பக்கத் திண்டு தெரிந்தும் முறிவு தெரியாத 45 குழந்தைகளுக்குச் சுமார் மூன்று வாரம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். 34 பேருக்கு, அதாவது 76 சதவீதத்தினருக்கு, முறிவு ஆறிய தடயம் இருந்தது. வேறு சில ஆய்வுகளில் இந்த விகிதம் கணிசமாகக் குறைவு. எனவே நிழல் இருந்தால் முறிவு உறுதி என்று சொல்ல முடியாது. முறிவு இருக்கலாம் என்று எண்ணிக் கையைப் பாதுகாக்க வேண்டும்.

படம் சரியாக எடுக்கப்பட்டதா?

முழங்கை 90 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். கட்டைவிரல் மேல்நோக்கி, தோளும் முழங்கையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சரியான பக்கவாட்டுப் படத்தில் ஹியூமரஸின் கீழ்முனை 8 என்ற எண்ணின் வடிவில் தெரியும். வலியால் குழந்தை கையை நீட்டியே வைத்திருந்தால், அல்னாவின் நுனி குழிக்குள் புகுந்து திண்டை வெளியே தள்ளிவிடும். அப்போது தெரியும் நிழலை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பிறகு மருத்துவர் மனதுக்குள் இரண்டு கோடுகள் போடுவார். ஹியூமரஸின் முன்விளிம்பை ஒட்டிக் கீழே இழுக்கும் கோடு, கேப்பிடெல்லம் என்ற உருண்டை எலும்பின் நடுப்பகுதியைக் கடக்க வேண்டும். கேப்பிடெல்லம் முழுவதும் கோட்டுக்குப் பின்னால் போயிருந்தால், சுப்ராகாண்டிலர் முறிவில் துண்டு பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. நான்கு வயதுக்குக் கீழே கோடு முன்பகுதி வழியாகப் போவது இயல்பாகவும் இருக்கலாம். இரண்டாவது கோடு ரேடியஸ் எலும்பின் நடுவே செல்வது. அதுவும் கேப்பிடெல்லத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ரேடியஸின் தலை மூட்டிலிருந்து விலகியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

பெங்களூர் அல்சூரில் ஐந்து வயதுச் சிறுமி பூங்காவில் கம்பியிலிருந்து விழுந்ததாக வைத்துக்கொள்வோம். முழங்கை லேசாக வீங்கியிருக்கிறது. விரல்கள் நன்றாக அசைகின்றன, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறது. முன்பக்கப் படத்தில் எதுவும் இல்லை. பக்கவாட்டுப் படத்தில் முன்திண்டு எழும்பியிருக்கிறது, பின்னால் கறுப்புப் பிறை தெளிவாக இருக்கிறது. இரண்டு கோடுகளும் சரியாக விழுகின்றன.

"அப்போ முறிவு இல்லையே டாக்டர், கட்டு எதுக்கு?" என்பார் அம்மா. "நகரலைம்மா, ஆனா உள்ளே ரத்தம் கட்டியிருக்கு. முறிஞ்சதாவே நினைச்சுப் பாதுகாக்கணும்" என்பதே சரியான பதில். அக்குளுக்குக் கீழிருந்து உள்ளங்கை வரை, ஒரு பக்கம் மட்டும் மாவு வைத்த ஸ்லாப் போட்டுக் கையைத் தூளியில் தொங்கவிடுவார்கள். முழுக்கட்டு போடாததற்குக் காரணம், வீக்கம் கூடினால் அதற்கு இடம் வேண்டும் என்பதே. ஒரு வாரம், பத்து நாளில் மறுபரிசோதனை. சுமார் மூன்று வாரம் கழித்து எடுக்கும் படத்தில் எலும்பின் விளிம்பை ஒட்டிப் புதிய வெள்ளைக் கோடு தெரிந்தால், அங்கே விரிசல் இருந்தது உறுதி. அதற்குள் எலும்பும் பெரும்பாலும் கூடியிருக்கும். முதல் நாள் எடுத்த படத்தைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

நிழல் இல்லாவிட்டால்?

மூட்டுப்பை கிழிந்திருந்தால் ரத்தம் வெளியே வழிந்து, நிழல் தெரியாமலே போகலாம். சற்றே பெரிய குழந்தைகளில் முழங்கையின் உள்பக்க மேட்டில் ஏற்படும் முறிவு மூட்டுக்கு வெளியே அமைவதால் நிழலைக் காட்டாது. ஆகவே ஓரிடத்தில் அழுத்தினால் குழந்தை துடிக்கிறது என்றால், படம் சுத்தமாக இருந்தாலும் மறுபரிசோதனை வேண்டும். மாறாக, விழாமலேயே முழங்கை வீங்கி, காய்ச்சலும் இருந்தால் தேங்கியிருப்பது சீழாக இருக்கலாம். அது அன்றே கவனிக்க வேண்டிய அவசரம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பெங்களூரில் கட்டுப்போடும் வைத்தியர்களிடம் போகும் பழக்கம் இன்னும் உண்டு. புதிதாக அடிபட்ட முழங்கையை எண்ணெய் தேய்த்து உருவினால் நகராத எலும்பு நகரலாம். தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இறுகியும் போகலாம். வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் அபாயம் உண்டு.

ஸ்லாப் போட்ட பிறகும் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, விரலை நாம் நீட்டிவிட்டால் குழந்தை அலறினாலோ, விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜெயநகரிலுள்ள சஞ்சய் காந்தி எலும்பு முறிவு மருத்துவமனை போன்ற, எலும்பு அறுவை வசதி கொண்ட ஏதேனும் ஓர் இடத்துக்கு உடனே போக வேண்டும். அடுத்த முறை 'படத்தில் ஒன்றும் இல்லை' என்று கேள்விப்பட்டால், மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பின்பக்கக் கொழுப்புத் திண்டு தெரிகிறதா?"