டார்ச் அடித்துப் பார்த்த சுவர்

பெயின்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டி நிறம் தேர்ந்தெடுக்க ஒரு குடும்பம் அரை நாள்கூட எடுத்துக்கொள்ளும். "மேட்டா, ஷீனா சார்?" என்று கடைக்காரர் கேட்டதும் மட்டும், "எது நல்லதோ அதையே குடுங்க" என்று சட்டென்று பதில் வந்துவிடும். பிறகு வருத்தப்பட வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பதில்தான்.

இதற்கான விடை வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைச் சுவர் நெடுகப் பாய்ச்ச வேண்டும். பகலில் சமமாகத் தெரிந்த சுவரில் பூச்சு வேலையின் மேடு பள்ளங்களும் பட்டி பார்த்த இடங்களின் விளிம்பும் நிழல் கட்டி நிற்கும். அந்த நிழல்கள் அதிகமாக இருந்தால் மேட்தான் சரி. பட்டி வைத்து, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த சுவர் என்றால் சாட்டின், ஷீன் வகைகளைத் தைரியமாக அடிக்கலாம்.

எமல்ஷனில் நிறமித் தூளும், அதைச் சுவரோடு பிடித்து வைக்கும் அக்ரிலிக் பசையும் தண்ணீரில் கலந்திருக்கின்றன. தூளின் பங்கு கூடினால் காய்ந்த மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்போடு நிற்கும். ஒளி நாலா பக்கமும் சிதறுவதால் குறைகள் கண்ணில் படாது. அதுதான் மேட். பசையின் பங்கு கூடினால் தூள் அதற்குள் அமிழ்ந்து மேற்பரப்பு வழவழப்பாகும், மினுக்கும், ஈரத்துணியால் துடைத்தால் கறையும் எளிதில் போகும். ஆனால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது சுவரின் ஒவ்வொரு வளைவையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

குழந்தைகள் கை வைக்கும் ஹால், சாப்பாட்டு மேஜையை ஒட்டிய சுவர், சமையலறை ஆகியவற்றுக்கு ஷீன் பொருந்தும். சாதாரண மேட்டில் எண்ணெய்க் கறையை அழுத்தித் தேய்த்தால், தேய்த்த இடம் மட்டும் பளபளப்பேறித் திட்டாக நிற்கும். படுக்கையறைக்கும் கூரைக்கும் மேட் போதும். அதில் இன்னொரு வசதியும் உண்டு: ஆணி பிடுங்கிய இடத்தில் பிறகு தொட்டு அடித்தாலும் அவ்வளவாகத் தெரியாது. ஷீனில் அப்படிச் செய்தால் தனித்துத் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் அடிக்க வேண்டி வரும்.

அடுத்தது அளவு. 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, இரண்டு ஜன்னல்களுக்கு 32 கழித்தால் மீதி 387. டின்னில் "லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி, இரண்டு கோட்" என்று போட்டிருந்தால் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வது நல்லது. 387-ஐ 120-ஆல் வகுத்தால் 3.2 லிட்டர். 4 லிட்டர் டின் ஒன்று போதும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வேறொரு டின்னில் 240 என்று இருந்தால் இரண்டு மடங்கு பரவும் என்று பொருளல்ல. அது ஒரு கோட்டுக்கான கணக்காக இருக்கலாம். எத்தனை கோட் என்று படிக்காமல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. இந்த எண்களும் பிரைமர் அடித்த வழவழப்பான சுவருக்குத்தான். பிரைமர் இல்லாத பட்டி பெயின்டை உறிஞ்சிக்கொள்ளும். டின்னில் சொன்னதற்கு மேல் தண்ணீர் ஊற்றினாலும் லிட்டர் அதிகம் பரவும்தான். ஆனால் அடியிலிருக்கும் நிறம் வெளியே தெரியும், மூன்றாவது கோட் கேட்கும்.

கடைசியாக, காத்திருப்பு. அரை மணியில் விரலில் ஒட்டாமல் போவதைப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். தண்ணீர் முழுவதும் ஆவியாகி, பசைத் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்தால்தான் அடுத்த கோட்டைத் தாங்கும் படலம் உருவாகும். அதற்குப் பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் ரோலர் அடிக் கோட்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும், நிறம் திட்டுத்திட்டாகும்.

புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கலாம். பழைய சுவரைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. காற்றே ஈரமாக இருக்கும் ஐப்பசி மழையில், காலையில் அடித்த கோட்டுக்கு மேல் மறுநாள் அடிப்பதே உத்தமம். சித்திரை வெயிலில் தொல்லை வேறு மாதிரி: ரோலர் அடுத்த பட்டைக்கு வருவதற்குள் முந்தைய பட்டையின் விளிம்பு காய்ந்து கோடு விழும். அடிக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, அடித்து முடித்த பிறகு போட்டால் அந்தக் கோடு குறையும்.

இரண்டாவது கோட் காய்ந்த பிறகும் ஒரு வாரத்துக்காவது சுவரில் ஈரத்துணி படக் கூடாது. டின்னில் மிச்சமிருக்கும் முக்கால் லிட்டரைத் தண்ணீர் கலக்காமல் இறுக மூடி, நிற எண்ணை மூடியில் எழுதி வைத்தால், நாளைக்கு ஆணி அடித்த ஓட்டையை மறைக்க உதவும்.