பிஸ்டன் மேலிருந்த எடையை எப்படி எடுத்தார்கள்?



உன் வெப்ப இயக்கவியல் மாதிரித் தேர்வுத் தாளை நேற்று இரவு திருத்தி முடித்தேன். சூத்திரம் ஒன்றுகூட உனக்குத் தவறவில்லை. மதிப்பெண் போனது அலகிலும், குறியிலும், கேள்வி சொல்லாத ஒன்றை நீயாக நினைத்துக்கொண்டதிலும்தான். ஏழாவது கணக்கில் இந்த மூன்றும் சேர்ந்தே வந்திருப்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் உருளையில் 1 மோல் நல்லியல்பு வாயு, 27 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 10 பார். மேலே பிஸ்டன், அதன்மீது எடைகள். எடைகளைத் திடீரென எடுத்து வெளி அழுத்தத்தை 1 பாராகக் குறைக்கிறார்கள். வாயு விரிந்து 1 பாருக்கு வந்து நிற்கிறது. உருளை பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இருப்பதால் முடிவில் வெப்பநிலை பழையபடியே இருக்கிறது. வாயு செய்த வேலை எவ்வளவு?

செல்சியஸை 300 கெல்வின் என்று சரியாக மாற்றியிருக்கிறாய். கன அளவு சுமார் 2.49 லிட்டரிலிருந்து 24.94 லிட்டராகிறது என்பதும் சரி. 1 பாரை 22.45 லிட்டரால் பெருக்கினாய், அதுவும் சரி. ஆனால் விடை "22.45 ஜூல்" என்று எழுதிவிட்டாய். பாரை லிட்டரால் பெருக்கினால் வருவது லிட்டர்-பார். ஒரு லிட்டர்-பார் என்பது 100 ஜூல். ஆக விடை 2245 ஜூல். ஒரு மோல் வாயு பத்து மடங்கு விரிந்து 22 ஜூல்தான் வேலை செய்தது என்றால் உனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 300 கெல்வினில் ஒரு மோலுக்கு RT ஏறக்குறைய 2494 ஜூல். இந்த மாதிரிக் கணக்குகளில் விடை அதன் பக்கத்தில் எங்காவதுதான் இருக்கும். நூறு மடங்கு தள்ளிப் போயிருந்தால் முதலில் அலகைப் பார்.

அடுத்தது குறி. இதில் உன் குற்றம் பாதிதான். இயற்பியல் பாடத்தில் ΔU = Q − W, வேதியியலில் ΔU = q + w. முதலாவதில் W வாயு செய்த வேலை. இரண்டாவதில் w வாயுவின் மேல் செய்யப்பட்ட வேலை. நீ ஒன்றின் சூத்திரத்தில் மற்றதன் குறியைப் போட்டதால், விரியும் வாயு வெப்பத்தை வெளியே விடுவதாக விடை வந்துவிட்டது. வெப்பநிலை மாறவில்லை, எனவே இந்த வாயுவின் அக ஆற்றலும் மாறவில்லை. செலவழித்த 2245 ஜூலை அது தொட்டியிலிருந்துதான் வாங்கியிருக்க முடியும். எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் வெப்பம் உள்ளே வருவதாகத்தான் முடிய வேண்டும். விடைத்தாளின் ஓரத்தில் உருளையை வரைந்து, வெப்பத்துக்கு ஓர் அம்பு, வேலைக்கு ஓர் அம்பு போட்ட பிறகு சூத்திரத்துக்குப் போ.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. இதே கணக்கின் இரண்டாம் பகுதியில் w = −nRT ln(V₂/V₁) என்று போட்டு 5743 ஜூல் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சூத்திரம் மீள் செயல்முறைக்கு மட்டும் உரியது. பிஸ்டன் மேல் எடைக்குப் பதில் மணல் குவிந்திருப்பதாக வைத்துக்கொள். ஒவ்வொரு மணலாக எடுத்தால் வெளி அழுத்தம் வாயுவின் அழுத்தத்தைவிட மயிரிழைதான் குறைவாக இருக்கும். வாயு வழி நெடுகக் கனமான எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டே மேலே வரும். அப்போதுதான் 5743. எடையை ஒரேயடியாக எடுத்தால் தள்ளுவதற்கு வெறும் 1 பார்தான் மிச்சம். "திடீரென", "மாறாத வெளி அழுத்தத்துக்கு எதிராக" என்ற சொற்களைக் கேள்வியில் கண்டால் மடக்கையைத் தொடாதே.

என்ட்ரோபியில் இதே பிழை தலைகீழாக வரும். வாயு வாங்கிய 2245-ஐ 300-ஆல் வகுத்து அதன் என்ட்ரோபி மாற்றம் 7.48 ஜூல்/கெல்வின் என்றாய். என்ட்ரோபிக்குத் தொடக்கமும் முடிவும்தான் கணக்கு, வந்த வழி கணக்கில்லை. எனவே இங்கே மீள் பாதையைத்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்: R ln 10, அதாவது 19.14. தொட்டி உண்மையாகவே இழந்தது 2245 ஜூல். அதன் மாற்றம் −7.48. கூட்டினால் 11.66 மிஞ்சுகிறது. உன் கணக்கில் கூட்டுத்தொகை பூஜ்யம். திடீர் விரிவுக்குப் பூஜ்யம் வந்தால் எங்கோ மீள் செயல்முறை என்று நினைத்துவிட்டாய் என்று பொருள்.

கடைசியாக ஒன்று. "வெப்பநிலை மாறா", "வெப்பம் மாறா" இரண்டையும் அவசரத்தில் ஒன்றாகப் படித்துவிடுகிறாய், அடிக்கோடிட்டுப் படி. இதே 10 பாரிலிருந்து 1 பாருக்கு ஆர்கான் வெப்பம் மாறாமல் மெதுவாக விரிந்தால் 119 கெல்வினுக்குக் குளிரும். திடீரென விரிந்தால் குறைவாகவே வேலை செய்யும், ஆகவே 192 கெல்வினில் நின்றுவிடும். PVᵞ = மாறிலி முதலாவதைத்தான் தரும். இரண்டாவதை ΔU = w என்று தொடங்கி நீயே ஒரு தடவை போட்டுப் பார்; நாளை மாலை வரும்போது கொண்டு வா.